ஐந்து ரூபாய் பாக்கெட்டின் கடைசி 35 கிலோமீட்டர்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கும் கொக்கிலமேட்டுப் பக்கம் ஒரு பெட்டிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை, முன்னால் ஒரு மரப்பலகை, பலகை மேல் மூன்று கண்ணாடி பாட்டில்கள். கூரைக் கம்பியில் ஷாம்பு சரம் தொங்குகிறது. உள்ளே அலமாரியில் பிஸ்கட் பாக்கெட்டுகள் அடுக்கி இருக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு பையன் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறான், பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறான். எல்லாம் பத்து நொடிகளில் முடிந்துவிடுகிறது.

அந்தப் பாக்கெட் எங்கிருந்து வந்தது? அதைத் திருப்பிப் பாருங்கள். விலை, எடை, பொதி செய்த நாள் எல்லாம் அச்சடித்திருக்கும். அவற்றோடு பேட்ச் எண் என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். பெரிய நிறுவனங்களுக்குப் பல ஊர்களில் ஆலைகள் உண்டு. அதனால் பல உறைகளில் இரண்டு மூன்று முகவரிகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்திருப்பார்கள். பேட்ச் எண்ணில் எந்த எழுத்து வருகிறதோ, அந்த முகவரியில் தயாரானது உங்கள் கையில் இருக்கும் பிஸ்கட். அடுத்த முறை பாக்கெட் வாங்கும்போது உறையைக் கிழிப்பதற்கு முன் தேடிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பாக்கெட்டுகள் இரண்டு வேறு ஊர்களிலிருந்து வந்தவையாகக்கூட இருக்கும்.

தமிழ்நாட்டில் பிஸ்கட் ஆலை இருக்கும் ஊர்களில் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையும் ஒன்று. நம் பாக்கெட் அங்கிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயத்தில் நாம் விடை தேடப்போகும் கேள்வி இதுதான்: ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பயணம் செய்த ஒரு பொருளை எப்படி ஐந்து ரூபாய்க்கு விற்க முடிகிறது? அந்தத் தூரம் நீங்கள் பஸ்ஸில் போனால் சில நூறு ரூபாய் ஆகும்.

ஆலையில் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய், கொஞ்சம் உப்பு, பொங்க வைக்கும் சோடா உப்பு ஆகியவற்றைத் தண்ணீரோடு பிசைகிறார்கள். மாவைத் தகடாகத் தேய்த்தோ அச்சில் அழுத்தியோ வடிவம் கொடுக்கிறார்கள். பிறகு அது ஒரு நீளமான சுரங்க அடுப்புக்குள் நகரும் பட்டையில் போகிறது. அடுப்பின் நீளம் ஒரு தெருவின் நீளம் இருக்கும். ஒரு வாயில் பச்சை மாவாக நுழைவது, சில நிமிடங்களில் மறுவாயில் பிஸ்கட்டாக வெளியே வருகிறது. அந்தச் சில நிமிடங்களில் மாவில் இருந்த தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. நூறு கிராம் பிஸ்கட்டில் மிஞ்சும் ஈரம் இரண்டு, மூன்று கிராம்தான். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கடலோரத்துக்குப் போனதும் இது மறுபடி வேண்டியிருக்கும்.

அடுப்பிலிருந்து வந்ததும் பிஸ்கட்டை உடனே பாக்கெட்டில் போடுவதில்லை. பட்டையிலேயே கொஞ்ச தூரம் ஓடவிட்டு ஆற வைக்கிறார்கள். சூடாக வந்த பிஸ்கட்டின் ஓரம் நன்றாகக் காய்ந்திருக்கும், நடுப்பகுதியில் மட்டும் கொஞ்சம் ஈரம் தங்கியிருக்கும். போகப்போக நடுவில் இருக்கும் ஈரம் ஓரத்துக்கு நகரும். ஓரம் லேசாக விரிய, நடு லேசாகச் சுருங்கும். இந்த இழுபறி அதிகமானால், யாரும் தொடாமலேயே, ஒரு நாள் கழித்துக்கூட பிஸ்கட்டில் மயிரிழை போல விரிசல் விழும். ஆகவே பாக்கெட்டைப் பிரித்ததும் உடைந்த பிஸ்கட் கிடைத்தால் லாரி டிரைவரைத் திட்டிவிட வேண்டாம். முதலில் உடைந்த இடத்தைப் பாருங்கள். மூலை நொறுங்கி, தூள் சிதறிக் கிடந்தால் வழியில் அடிபட்டது. தூளே இல்லாமல் மெல்லிய கோடாகச் சுத்தமாகப் பிளந்திருந்தால், அந்தக் கோளாறு அடுப்படியிலேயே தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆறிய பிஸ்கட் பாக்கெட்டுக்குள் போகிறது. பாக்கெட்டுகள் அட்டைப்பெட்டிக்குள் போகின்றன. கணக்கு எளிதாக வரவேண்டும் என்பதற்காக, ஒரு பாக்கெட் 50 கிராம், ஒரு பெட்டியில் 120 பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட் மட்டும் 6 கிலோ, உறையும் அட்டையும் சேர்த்து 7 கிலோ. அப்படி ஆயிரம் பெட்டிகளை ஏற்றினால் 7 டன். மூடிய லாரி ஒன்றுக்குச் சரியான சுமை. அதாவது ஒரு லாரியில் 1,20,000 பாக்கெட்.

லாரி பெருந்துறையிலிருந்து சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் வருகிறது. மதுராந்தகத்தைக் கடந்து விடியற்காலையில் செங்கல்பட்டை எட்டுகிறது. கொளவாய் ஏரி தெரிகிறது. நம் கடை இங்கிருந்து 35 கிலோமீட்டர்தான், கிழக்கே திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் லாரி திரும்பாது. நிற்காமல் வடக்கே போகும். சிங்கப்பெருமாள்கோவிலில் இடது பக்கம் திரும்பி, ஓரகடம் பக்கம் வரிசையாக இருக்கும் பெரிய கிடங்குகளில் ஒன்றில் போய் நிற்கும். நம் பாக்கெட் அங்கே இறங்கி, சில நாள் தங்கி, வந்த வழியே 20 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி செங்கல்பட்டுக்கு வரும். எல்லாக் கம்பெனியின் கிடங்கும் ஓரகடத்தில்தான் என்றில்லை. செங்குன்றம் பக்கமும் இருக்கின்றன, அங்கே என்றால் இன்னும் அதிகத் தூரம் போய்த் திரும்ப வேண்டும். இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு வீண் வேலையாகத்தான் பட்டது. போகிற வழியில் இறக்கினால் டீசல் மிச்சமாகுமே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிகிறது. செங்கல்பட்டில் அந்தக் கம்பெனியின் சரக்கை எடுத்து விற்கும் ஏஜென்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு பாக்கெட்டை 4 ரூபாய் 28 பைசாவுக்கு வாங்கி, கடைக்கு 4 ரூபாய் 50 பைசாவுக்குக் கொடுக்கிறார், கடைக்காரர் 5 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். ஆனால் ஏஜென்சிக்கு நூற்றுக்கு ஐந்து, கடைக்கு நூற்றுக்குப் பத்து என்ற அளவில்தான் பொதுவாக நிற்கும். இப்போது முழு லாரியையும் அவர் வாசலில் இறக்கினால் 1,20,000 பாக்கெட்டும் ஒரே ரகம். 5 லட்சம் ரூபாய்க்கு மேல் அதில் முடங்கிவிடும். அவர் நாளைக்கு அந்த ரகத்தில் 2,000 பாக்கெட் விற்றாலும் தீர 60 நாள் ஆகும். அதற்குள் கடைக்காரர்கள் கிரீம் பிஸ்கட் எங்கே, உப்பு பிஸ்கட் எங்கே என்று கேட்பார்கள். அவையெல்லாம் வேறு ஆலைகளிலிருந்து வருபவை.

அவருக்குத் தேவை இதில் 40 பெட்டி, அதில் 10 பெட்டி, இன்னொன்றில் 3 பெட்டி என்ற கலவை. அந்தக் கலவை உருவாகும் இடம்தான் கிடங்கு. பல ஆலைகளிலிருந்து ஒரே ரகமாக நிரம்பி வரும் லாரிகள் ஒரு வாசலில் இறங்குகின்றன. பல ரகம் கலந்த சிறு வண்டிகள் மறு வாசலில் கிளம்புகின்றன. வீட்டிலும் இப்படித்தானே செய்கிறோம்? அரிசி மூட்டையையும் பருப்பு மூட்டையையும் யாரும் தட்டில் கொட்டுவதில்லை. நடுவில் ஒரு சமையலறை வேண்டியிருக்கிறது. அதற்காக 20 கிலோமீட்டர் போய்த் திரும்புவது நஷ்டமே இல்லை.

இனி பைசாக் கணக்கு. லாரிக்கு பெருந்துறையிலிருந்து ஓரகடம் வரை, 380 கிலோமீட்டர் அளவுக்கு, வாடகை 24,000 ரூபாய் என்று வைப்போம். 1,20,000 பாக்கெட்டுக்குப் பங்கிட்டால் ஒரு பாக்கெட்டுக்கு 20 பைசா. நம் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. பஸ்ஸில் உங்கள் இருக்கைக்கு நீங்கள் ஒருவர்தான் பணம் கொடுக்கிறீர்கள். பாக்கெட்டின் லாரி வாடகையை ஒரு லட்சத்துச் சொச்சம் பாக்கெட்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன.

கிடங்கிலிருந்து செங்கல்பட்டுக்குச் சிறு லாரி. 250 பெட்டி, 30,000 பாக்கெட். வாடகையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் சேர்ந்து 2,100 ரூபாய் என்றால் பாக்கெட்டுக்கு 7 பைசா.

அடுத்தது கடைசிக் கட்டம். ஏஜென்சியின் சேல்ஸ்மேனோடு ஒரு நாள் முழுக்க கொக்கிலமேட்டுப் பக்கம் போகும் லைனில் போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளில் போய் ஒவ்வொரு கடையிலும் ஆர்டர் எடுப்பார், செவ்வாய்க்கிழமை சரக்கு போகும் என்பதுதான் வழக்கமான முறை. தூரத்து லைனுக்கு மட்டும் இரண்டு நாள் போவது கட்டாது என்று வண்டியிலேயே எல்லா ரகத்தையும் ஏற்றிக்கொண்டு போய், கேட்டதை அங்கேயே கொடுத்து பில் போட்டுவிடுகிறார்கள். வண்டி, நம் ஊரில் குட்டி யானை என்று சொல்கிறோமே, அதுதான். முக்கால் டன் அளவுக்குச் சுமக்கும், ஒரு பைக் திரும்பும் சந்திலும் கிட்டத்தட்ட திரும்பிவிடும். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து தெற்கே கடலோரக் கிராமங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பியவர்கள் திரும்பும்போது இருட்டிவிட்டது.

நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் மிக அதிகம். ஒரு கடையில் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். இன்னொரு கடையில் போன வாரப் பாக்கியை எண்ணிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு கடையிலும் பின்கதவைத் திறந்து, பெட்டியை உடைத்து, 12 பாக்கெட் கொண்ட கட்டாக எடுத்து, எண்ணி, பில் போட்டு, மறுபடி கதவைச் சாத்த வேண்டும். லாரியில் ஆயிரம் பெட்டி ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கியது. இங்கே 40 கடை, 40 நிறுத்தம்.

வண்டி வாடகை, டீசல், டிரைவர் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய், சேல்ஸ்மேனின் அன்றைய சம்பளம் 600 ரூபாய், ஆக 2,400 என்று வைத்துக்கொள்வோம். 40 கடையிலும் சராசரியாக 1,500 ரூபாய்க்கு பில் விழுந்தால் மொத்த விற்பனை 60,000. ஒரு ரூபாய் சரக்குக்கு 4 பைசா செலவு. 4 ரூபாய் 50 பைசா பாக்கெட்டுக்கு 18 பைசா.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் 380 கிலோமீட்டருக்கு 20 பைசா. கடைசி 35 கிலோமீட்டருக்கு 18 பைசா. ஒரு கிலோமீட்டருக்கு என்று வகுத்தால் கடைசிக் கட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு செலவு பிடிக்கிறது. சாலை மோசம் என்பதனால் இல்லை, டீசல் அங்கே அதிக விலை என்பதனாலும் இல்லை. சுமை சிறிது சிறிதாக உடைகிறது, செலவைப் பங்கிட்டுக்கொள்ளக் கூட இருக்கும் பாக்கெட்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன. காரணம் அவ்வளவுதான்.

இந்த 18 பைசாவைத் தருவது ஏஜென்சிக்காரர்தான். அவருக்கு ஒரு பாக்கெட்டில் கிடைப்பதே 22 பைசா. மிச்சம் 4 பைசாவில் கிடங்கு வாடகை, சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி, தன் சாப்பாடு எல்லாம் பார்த்தாக வேண்டும். அந்த லைனில் கடைகள் எல்லாம் 500 ரூபாய்க்குத்தான் வாங்குகின்றன என்றால் என்ன ஆகும்? விற்பனை 20,000. செலவு அதே 2,400. பாக்கெட்டுக்கு 54 பைசா. விற்க விற்க நஷ்டம். அடுத்த மாதம் அந்த லைனையே நிறுத்திவிடுவார்.

பெரிய கிராமத்துக் கடைக்கு வண்டி வருகிறது, சிறு குப்பத்துக் கடைக்கு வருவதில்லை என்பதற்குக் காரணம் இந்த வகுத்தல் கணக்குதான். அப்படி வண்டி வராத கடை ஒன்றின் கதையையும் அன்று கேட்டேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மணலில் போக வேண்டும். கடைக்கார அம்மா ரோட்டோரக் கடை வரை நடந்து வந்திருந்தார். சேல்ஸ்மேனைப் பார்த்ததும், "ஏன் தம்பி, எங்க பக்கம் ஒரு வாட்டி வண்டிய உட்டா என்ன?" என்று கேட்டார்.

"அக்கா, நீங்க எடுக்கறது ரெண்டு கட்டு. மணல்ல டயரு மாட்டுனா எங்க ஓனரு என்னைத்தான் கேப்பாரு" என்றார் அவர். சொல்லும்போது அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

அந்த அம்மா வாரத்துக்கு ஒருநாள் பஸ் ஏறி திருக்கழுக்குன்றம் கடைத்தெருவுக்குப் போகிறார். அங்கே மொத்தக் கடையில் பிஸ்கட், தீப்பெட்டி, சோப்பு, ஊறுகாய் பாக்கெட் எல்லாம் ஒரே இடத்தில் வாங்கி, ஒரு பெரிய பையில் கட்டிக்கொண்டு வருகிறார். மொத்தக் கடைக்காரர் தன் பங்காகக் கொஞ்சம் வைத்துக்கொண்டு பாக்கெட்டை 4 ரூபாய் 65 பைசாவுக்குக் கொடுத்தால், அம்மாவுக்குக் கிடைப்பது 50 பைசா இல்லை, 35 பைசா. அதற்காக ஒரு நாளின் பாதி போகிறது. 5 ரூபாய்க்கு மேல் விற்கவும் முடியாது. உறையில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச விலையை மீறுவது சட்டப்படி குற்றம். பயணத்தின் கடைசித் துண்டை, ஏஜென்சியின் வண்டி சுமக்க மறுத்த துண்டை, அவர் தன் தோளில் சுமக்கிறார். அவருடைய உழைப்புக்கு யாரும் பில் போடுவதில்லை. எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் அது ஏறுவதில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்படிப் பலர் கைக்கு மாறி வந்த பாக்கெட்டுக்குக் கடலோரத்தில் இன்னொரு எதிரி காத்திருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரம்தான் அது. மாமல்லபுரம் கரையில் நின்றால் பிற்பகல் கடற்காற்றில் சட்டை உடம்போடு ஒட்டும். அந்தக் காற்றின் ஈரப்பதம் பல நாட்களில் 70, 80 சதவீதம். பிஸ்கட்டில் இருப்பது இரண்டு, மூன்று சதவீத ஈரம். திறந்து வைத்தால் காற்றிலிருந்து தண்ணீர் மூலக்கூறுகள் பிஸ்கட்டுக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். நுழைவதும் வெளியேறுவதும் சமமாகும் வரை நிற்காது.

மொறுமொறுப்பு என்பது என்ன? அடுப்பில் சர்க்கரையும் மாவும் சேர்ந்து இறுகி, கண்ணாடியைப் போன்ற ஒரு கட்டமைப்பாகின்றன. கண்ணாடி வளையாது, படக்கென்று உடையும். அந்தச் சத்தத்தைத்தான் மொறுமொறுப்பு என்கிறோம். தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்தால் அந்தக் கட்டமைப்பின் துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க ஆரம்பிக்கின்றன. உடைய வேண்டியது வளைகிறது. பிஸ்கட் நமத்துவிட்டது என்று சொல்கிறோமே, உள்ளே நடந்தது இதுதான். ஈரம் ஐந்து, ஆறு சதவீதத்தைத் தாண்டினாலே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் கிராம் காட்டும் சமையல் தராசு இருந்தால் சோதித்துப் பாருங்கள். புதிதாகப் பிரித்த பத்து பிஸ்கட்டை எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு, தட்டில் பரப்பி, எறும்பு வராத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் மறுபடி எடை போட்டால் கூடியிருக்கும். கூடியது அத்தனையும் உங்கள் வீட்டுக் காற்றில் இருந்த தண்ணீர். மழைக்காலத்தில் ஒருமுறையும் மே மாதத்தில் ஒருமுறையும் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். நமத்த பிஸ்கட்டைச் சூடான தோசைக்கல்லில் கொஞ்ச நேரம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு பெருமளவு திரும்பிவிடும். தண்ணீர் எப்படி வந்ததோ அப்படியே வெளியே போய்விடுகிறது.

இந்தத் தண்ணீரைத் தடுக்கத்தான் உறை. மேலே அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் படலம், பல உறைகளில் உள்பக்கம் வெள்ளி போல் மின்னும் அலுமினியப் பூச்சு. படலத்தின் வழியே ஈரம் மிக மெதுவாகத்தான் ஊடுருவும். பாக்கெட் பல மாதம் தாங்குவதற்கு அந்த மெதுவான வேகமே காரணம். பெரும்பாலான கோளாறு படலத்தில் வருவதில்லை, ஒட்டில் வருகிறது. பாக்கெட்டின் பின்பக்கம் நெடுக ஓர் ஒட்டு, இரண்டு முனைகளிலும் ரம்பப் பல் போல ஓர் ஒட்டு இருக்கும். ஒட்டும் நேரத்தில் இடையில் ஒரு பிஸ்கட் தூள் சிக்கினால்கூட ஊசி நுழையும் அளவுக்கு வழி கிடைத்துவிடும். பெட்டிகளை அளவுக்கு மேல் உயரமாக அடுக்கினால் அடியில் இருக்கும் பாக்கெட்டின் முனை விரியும். கடையில் எலி பல் பட்டாலும் முடிந்தது.

ஓட்டை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிக்காத பாக்கெட்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் மெதுவாக அமுக்குங்கள். எங்கிருந்தாவது குமிழி வரிசையாகக் கிளம்பினால் அங்கே வழி இருக்கிறது. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதும் இதே முறைதான். ஆலைகளின் தரச்சோதனையிலும் பாக்கெட்டைத் தண்ணீருக்குள் வைத்து, மேலே இருக்கும் காற்றை உறிஞ்சி, குமிழி வருகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு.

நமத்துப்போவது ஒரு கேடு என்றால், எண்ணெய் கெடுவது இன்னொரு கேடு. உறைக்குள் இருக்கும் கொஞ்சம் காற்றும், வெயிலின் சூடும், வெளிச்சமும் சேர்ந்து பிஸ்கட்டில் இருக்கும் எண்ணெயை மெல்லக் கெடுக்கின்றன. அப்போது பழைய எண்ணெயின் சிக்கு வாடை வரும். இதைத் தோசைக்கல்லால் சரிசெய்ய முடியாது. தகரக் கூரைக்கு நேர் கீழே, பிற்பகல் வெயில் படும் பலகையில் அடுக்கிய பாக்கெட், உறையில் போட்டிருக்கும் நாளுக்கு முன்பே இப்படி ஆகலாம். குளிர்ந்த, நிழலான இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே அந்த நாள் செல்லுபடியாகும்.

இதைக் கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அன்று பார்த்த கடைகளில் அட்டைப்பெட்டி ஒன்றுகூடத் தரையில் இல்லை. செங்கல் வைத்து, அதன்மேல் பலகை போட்டு, அதன்மேல் பெட்டி. மழைக்காலத்தில் சிமென்ட் தரை வியர்க்கும், அட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று ஒரு பெரியவர் சொன்னார். பாட்டிலில் போட்டு விற்கும் உதிரி பிஸ்கட்டுக்கு, மூடியின் உள்ளே ரப்பர் வளையம் போய்விட்டால் பாட்டிலையே மாற்றிவிடுவாராம்.

மழைக்காலத்தில் கணக்கும் தடம் மாறும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்துப் படகு இறங்காத நாட்களில் மீனவர்கள் கையில் காசு இருக்காது, சரக்கு கடனில் போகும். கடன் நின்றால் கடைக்காரரால் ஏஜென்சிக்குப் பாக்கியைக் கொடுக்க முடியாது, அடுத்த பில் சின்னதாகும். அதே சமயம் புயல் வருகிறது என்ற செய்தி கேட்டால், அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடிய பிஸ்கட்டும் ரொட்டியும்தான் முதலில் தீரும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. இப்படி ஒரு வாரம் ஒன்றும் விற்காமலும் அடுத்த வாரம் எல்லாம் தீர்ந்தும் போகும் கடையிலிருந்து வரும் ஆர்டரை வைத்துத்தான் ஏஜென்சி கிடங்கிடம் கேட்கிறது, கிடங்கு ஆலையிடம் கேட்கிறது. கடையில் ஒரு கட்டு கூடுதலாகக் கேட்டால், தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஏஜென்சி ஒரு பெட்டி கூடுதலாகக் கேட்கும், கிடங்கு பத்துப் பெட்டி கூடுதலாகக் கேட்கும். கடையில் சின்ன அலை, ஆலையில் பெரிய அலை. அந்தக் கூடுதல் சரக்கு வந்து சேரும்போது புயல் போய், வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தேவைக்கு மேல் கடையில் தங்கிய அந்தப் பாக்கெட்டுகள்தான் பிறகு நாள் கடந்து, டேமேஜ் என்று எழுதப்பட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போகின்றன. திரும்பும் பாக்கெட்டுக்கும் வண்டிச் செலவு உண்டு. விற்கும் பாக்கெட்டுகளின் பைசாவிலிருந்துதான் அதுவும் எடுக்கப்படுகிறது.

கொக்கிலமேட்டுப் பக்கத்துக் கடையில் நாங்கள் நின்றது கடைசி நிறுத்தம். மணி நாலரை. கடைக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, "மழை வர்ற மாதிரி இருக்கு. அஞ்சு ரூபா பிஸ்கட்டு நாலு கட்டு போதும், ஆறு வேணாம்" என்றார். சேல்ஸ்மேன் இன்னொரு கட்டைத் தள்ளப் பார்த்தார். மாதக் கடைசி, அவருக்கு டார்கெட் பாக்கி இருந்தது. "போன தடவ தள்ளுனதே பாட்டி, பேரன் தின்னு தீத்தாங்க" என்று கடைக்காரர் சிரித்தபடி மறுத்துவிட்டார்.

நாலு கட்டையும் வாங்கியவர் உடனே அலமாரியில் வைக்கவில்லை. இருந்த பழைய பாக்கெட்டுகளை எல்லாம் முன்னால் இழுத்தார். ஒன்றை எடுத்து நாளைப் பார்த்தார், தலையசைத்தார். புதியவற்றை அவற்றுக்குப் பின்னால் அடுக்கினார். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. சீருடையில் ஒரு பெண் குழந்தை பலகையில் ஐந்து ரூபாயை வைத்தாள். முன்வரிசையிலிருந்து ஒரு பாக்கெட் அவள் கைக்குப் போனது. இரண்டு மாதத்துக்கு முந்தைய நாள் அதில் அச்சாகியிருந்தது. அவள் அங்கேயே பிரித்து ஒன்றைக் கடித்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அந்தப் படக் என்ற சத்தம் கேட்டது.